கேம்ப் ஷீட்டுல இருந்து டோனர் ரிஜிஸ்டர்: அந்த "அடுத்த தேதி" எங்கேருந்து வருது?

ரத்ததான கேம்ப் முடிஞ்சதும் கைல மிஞ்சுறது ஒரு எக்ஸெல் ஷீட், மேல மெர்ஜ் பண்ண ஒரு தலைப்புல கேம்ப் தேதி, கீழ சீரியல் நம்பர், பேரு, வயசு, குரூப், போன், கடைசில ரிமார்க்ஸ்னு ஒரு காலம். அந்த ரிமார்க்ஸ்லதான் முழு விஷயமும் அடைஞ்சு கெடக்கும், "ஓகே", "ஹெச்பி லோ", "11.8, டாட்டூ 2 மாசம் முன்னாடி" இப்படி. ஹெச்பின்னா ஹீமோகுளோபின், அந்த 11.8-ம் அதோட அளவுதான். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல இது போதும். ஆனா மூணு மாசம் கழிச்சு யாரைக் கூப்பிடலாம்னு கேட்டா இந்த ஷீட்டால பதில் சொல்ல முடியாது.

நிறைய பேர் செய்யுறது என்னன்னா, பக்கத்துல ஒரு காலம் போட்டு கேம்ப் தேதியோட 90-ஐக் கூட்டி கீழ வரைக்கும் இழுத்து விட்டுடுறது. தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. அந்த 90 நாள் ரத்தம் குடுத்தவங்களுக்கு, அதுவும் ஆம்பளைங்களுக்கு மட்டும். இந்தியாவுல முழு ரத்தம் குடுத்த பெண்களுக்கு 120 நாள். ஒரு தடவை 450 மில்லி குடுத்தா உடம்புலேர்ந்து சுமாரா 200ல இருந்து 250 மில்லிகிராம் இரும்பு வெளிய போயிடும். பிளாஸ்மா ஓரிரு நாள்ல நிரம்பிடும், சிவப்பணு வர சில வாரம் ஆகும், இரும்பு கையிருப்புதான் ரொம்ப மெதுவா திரும்பும். பெண்களுக்கு பொதுவா அந்தக் கையிருப்பு குறைவு, அதான் கூடுதல் நாள். சரி, திருப்பி அனுப்பப்பட்டவங்க? அவங்க ரத்தமே குடுக்கலையே, அவங்களுக்கு கேம்ப் தேதிலேர்ந்து எண்ணுறதுல அர்த்தமே இல்ல. அவங்க கணக்கு காரணம் நடந்த தேதிலேர்ந்து ஓடணும்.

அதனால ரிஜிஸ்டர்ல ஒரு வரின்னா ஒரு தானம், இல்லன்னா ஒரு டெஃபர் காரணம், அதாவது ஏன் திருப்பி அனுப்பினாங்கங்கறது. ஒரே ஆளுக்கு ரெண்டு காரணம் இருந்தா ரெண்டு வரி. தலைப்புல இருக்குற கேம்ப் தேதி ஒவ்வொரு வரிக்கும் எறங்கி வரணும், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு டோனர் நம்பர் வேணும். பேரை நம்பவே முடியாது, இனிஷியல் ஒரு தடவை முன்னாடி வரும் ஒரு தடவை பின்னாடி வரும். வீட்டுல நாலு பேருக்கு ஒரே போன் நம்பர் இருக்கும், அதனால அதுவும் தனியா போதாது, பொறந்த தேதியும் சேர்த்துப் பாக்கணும்.

இப்ப ஹெச்பி. நம்ம ஊர் விதிப்படி டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இருந்தாதான் எடுப்பாங்க. சில கேம்ப்ல இதை காப்பர் சல்பேட் கரைசல்ல பாப்பாங்க. கரைசலோட ஒப்படர்த்தி 1.053, அதுல ஒரு சொட்டு ரத்தம் விட்டா 15 செகண்டுக்குள்ள மூழ்கினா பாஸ், மிதந்தா ஃபெயில். கவனிங்க, இதுல நம்பரே வராது! ஆனா ஷீட்டை நிரப்புறவர் காலம் காலியா இருக்கேன்னு எல்லாருக்கும் 12.5ன்னு அடிச்சுடுவார். ஒரு கேம்ப்ல வரிசையா எல்லாருக்கும் அச்சு மாதிரி 12.5 இருந்தா அது அளவே இல்ல, பாஸ்னுதான் எடுத்துக்கணும். அதனால ஹெச்பி நம்பருக்கு ஒரு காலம், எந்த முறைல பாத்தாங்கன்னு ஒரு காலம், காப்பர் சல்பேட்னா நம்பரைக் காலியாவே விட்டுடணும். இன்னொண்ணு, 118ன்னு ஒண்ணு கண்ணுல பட்டா பதறாதீங்க, அது லிட்டருக்கு கிராம், பத்தால வகுத்தா 11.8.

மேல சொன்ன அந்த வரியையே எடுத்துக்குவோம். பெண், கேம்ப் 2025 மார்ச் 5, ஹெச்பி 11.8, டாட்டூ "2 மாசம் முன்னாடி". இது ரெண்டு வரி ஆகுது. டாட்டூவுக்கு 12 மாசம் டெஃபர், ஏன்னா ஊசி வழியா ஹெபடைடிஸ் மாதிரி ஏதாவது தொத்தியிருந்தா ஆரம்பத்துல டெஸ்ட்ல தெரியாமப் போகலாம். சரியான தேதி இல்லாததால ஜனவரி மாசக் கடைசி நாளை, அதாவது 2025-01-31ஐப் போடுறேன், சந்தேகம்னா பின்னால தள்ளுறதுதான் பத்திரம். அப்ப தேதி 2026-01-31. வெறும் 90 கூட்டியிருந்தா 2025 ஜூன் 3ன்னு வந்திருக்கும், கிட்டத்தட்ட எட்டு மாசம் முன்னாடியே போன் போயிருக்கும். ஹெச்பி குறைவுங்கற ரெண்டாவது வரிக்கு காலண்டர்ல தேதியே கெடையாது. காரணத்தைக் கண்டுபிடிச்சு சரிபண்ணி திரும்ப டெஸ்ட்ல தேறினாதான் உண்டு, அதனால அங்க தேதி காலி.

A டோனர் நம்பர், B கேம்ப் தேதி, C பால், அதுல பெண்ணுன்னா F-ன்னு போடணும், F காலம் முடிவு, G காரணம் நடந்த தேதி, H எத்தனை மாசம். முடிவுல D குடுத்தாங்க, T தற்காலிகம், L ஹெச்பி குறைவு, P நிரந்தரம். I காலத்துக்கு இது:

```
=IF(F2="D",B2+IF(C2="F",120,90),IF(G2="","",EDATE(G2,H2)))
```

ஒரு ஆளுக்கு பல வரி இருக்குமே, அதுல எது ரொம்பத் தள்ளி இருக்கோ அதுதான் செல்லும். போன வருஷம் குடுத்தது ஒரு தேதி சொல்லும், டாட்டூ ஒரு தேதி சொல்லும், பெருசை எடு, நிரந்தர டெஃபர் இருந்தா தேதியே வேண்டாம். J காலம்:

```
=IF(COUNTIFS(A:A,A2,F:F,"P")>0,"NO CALL",MAXIFS(I:I,A:A,A2))
```

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஹெச்பி குறைவுன்னு மட்டும் ஒருத்தருக்கு இருந்தா MAXIFS பூஜ்யம் தரும், எக்ஸெல் அதை 1900ன்னு காட்டும். இன்னும் மோசம், அவர் பழசா ஒரு தடவை குடுத்திருந்தா அந்தப் பழைய தேதியைக் காட்டி "கூப்பிடலாம்"னு சொல்லிடும். அதனால கடைசி கேம்ப்ல L வாங்கினவங்களை ஃபில்டர்ல தனியா எடுத்து வைங்க, ஃபார்முலாவை நம்பாதீங்க. வர்ற தேதியும் "இதுக்கு முன்னாடி வேண்டாம்"னுதான் சொல்லுது, அன்னிக்கு போனா எடுத்துடுவாங்கன்னு இல்ல.

தேதி டைப் பண்ணுற விதமும் ஆளைக் கவுத்துடும். 05/03/2025 மார்ச் 5-ஆ, மே 3-ஆ? கம்ப்யூட்டர் செட்டிங் மாறினா எக்ஸெல் சத்தமில்லாம மாத்திப் படிக்கும். மே 3 அன்னிக்கு குடுத்தவரை மார்ச் 5ன்னு படிச்சுட்டா ஜூன் 3-ல கூப்பிடுவீங்க, அவர் குடுத்து 31 நாள்தான் ஆகியிருக்கும். கண்டுபிடிக்க சுலபமான வழி, B காலத்துல இருக்குற தனித்தனி தேதிகளை எடுத்து நடந்த கேம்ப் பட்டியலோட ஒப்பிடுங்க, நடக்காத கேம்ப் ஒண்ணு மொளைச்சிருக்கும். அப்புறம் எல்லாத்தையும் 2025-03-05ங்கற மாதிரியே வைங்க.

டெஃபர் காரணத்தை வாட்ஸப் குரூப்ல சுத்துற லிஸ்ட்ல போடவே கூடாது. கூப்பிடுறவங்களுக்கு போன் நம்பரும் J காலமும் போதும், காரணம் கோடா மெயின் ஃபைல்ல, பாஸ்வேர்டோட. எச்ஐவி, ஹெபடைடிஸ் டெஸ்ட் ரிசல்ட் பிளட் பேங்க்லயே இருக்கட்டும், இந்த ரிஜிஸ்டருக்கு வரவே வேண்டாம்.

இவ்வளவும் செஞ்சா ஷீட்ல கண்ணுக்கே படாத ஒண்ணு தெரிய ஆரம்பிக்கும். தவறாம வர்ற ஒருத்தரோட ஹெச்பி 14.1, 13.4, 12.7ன்னு போகுதுன்னு வைங்க. மூணு தடவையும் பாஸ், எந்த கேம்ப்லயும் யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா ஒரே டோனர் நம்பர்ல வரிசையாப் பாத்தா இரும்பு கையிருப்பு கரையுதோன்னு சந்தேகம் வரும். அவரை நாலாவது தடவை கூப்பிடுறதுக்கு முன்னாடி இரும்பு கையிருப்பைக் காட்டுற ஃபெர்ரிட்டின் டெஸ்ட் எடுத்துப் பாக்கச் சொல்லலாம்.