அசலில் கட்டிய பணம் லோன் கணக்கில் ஏறவில்லையா? வட்டியை மறுத்து எழுதும் கடிதமும் இணைக்க வேண்டிய கணக்கும்

வீட்டுக் கடன் வாங்கியவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அசலில் ஒரு தொகையைக் கட்டுகிறார். சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் அன்றே போய்விடுகிறது. ஆனால் லோன் கணக்கில் அசல் குறையாமலே இருக்கிறது, பழைய அசலுக்கே வட்டியும் போடப்படுகிறது. பல மாதங்கள் இதை யாரும் கவனிப்பதில்லை. இஎம்ஐ தொகை மாறாததால் கணக்கிலிருந்து எப்போதும் போலத்தான் பணம் பிடிபடுகிறது.

இப்படி ஆவதற்கு பொதுவாக இரண்டு காரணங்கள். பணம் எதற்காக வந்தது என்ற குறிப்பு இல்லாததால் அது ஏதோ ஒரு இடைக்காலக் கணக்கில் தங்கிவிடும். இல்லாவிட்டால், வரப்போகும் இஎம்ஐயை முன்கூட்டியே கட்டியதாக அதை வரவு வைத்துவிடுவார்கள். இரண்டாவது வகையில் ஸ்டேட்மெண்டில் பணம் வந்ததாகவே தெரியும், அதனால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். பார்க்க வேண்டியது வரவை அல்ல, அசல் நிலுவையை. 9 சதவீத வட்டியில் 3 லட்சம் கட்டியிருந்தால், முழு மாதத்துக்கான அடுத்த இஎம்ஐயில் வட்டிப் பங்கு சுமார் 2,250 ரூபாய் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பணம் அசலுக்குப் போகவில்லை.

இதில் நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மாறும் வட்டியில் இஎம்ஐ கட்டும், வீட்டுக் கடன் உள்ளிட்ட தனிநபர் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கடன் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் ஒரு பகுதியையோ முழுவதையோ முன்கூட்டியே கட்டும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. இதுவரை வசூலித்த அசல், வட்டி, இஎம்ஐ தொகை, மீதமுள்ள தவணைகள், ஆண்டு வட்டி விகிதம் ஆகியவற்றைக் காட்டும் ஸ்டேட்மெண்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் நம் கடிதம் முதலில் ஊன்றி நிற்க வேண்டிய இடம் கடன் ஒப்பந்தம்தான். வட்டி எப்படிக் கணக்கிடப்படும், அசலில் முன்கூட்டியே கட்டும் முன்பணம் எந்த நாளிலிருந்து அசலைக் குறைக்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு உதாரணம். வேளச்சேரியில் வீடு வாங்கிய ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எண்களை நானே எளிதாக அமைத்திருக்கிறேன். ஜூன் 5 இஎம்ஐ போன பிறகு அசல் 24,00,000 ரூபாய். வட்டி 9 சதவீதம், இடையில் மாறவில்லை. இஎம்ஐ 25,000, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி. ஒப்பந்தப்படி வட்டி தினசரி நிலுவைக்குக் கணக்கிடப்படுகிறது. ஜூன் 10 அன்று அவர் நெஃப்ட் மூலம் 3,00,000 ரூபாய் அனுப்புகிறார். கடன் கொடுத்த நிறுவனம் அதை அசலில் கழித்தது செப்டம்பர் 12 அன்றுதான்.

முதல் மாதத்தை மட்டும் படிப்படியாகப் பார்க்கலாம். ஆண்டுக்கு 365 நாள் என்று எடுத்தால், ஜூன் 5 முதல் 10 வரை 5 நாளுக்கு 24 லட்சத்தின் மீது வட்டி 2,959 ரூபாய். ஜூன் 10 முதல் ஜூலை 5 வரை 25 நாளுக்கு 21 லட்சத்தின் மீது 12,945 ரூபாய். மொத்தம் 15,904. நிறுவனம் எடுத்தது 30 நாளும் 24 லட்சத்துக்கு, அதாவது 17,753. அடுத்த மாதத்தின் சரியான தொடக்க அசல் 21,00,000 + 15,904 − 25,000 = 20,90,904 ரூபாய். இதே முறையில் ஒவ்வொரு மாதமும் போட்டால் இப்படி வரும்:

| இஎம்ஐ தேதி | எடுத்த வட்டி | வந்திருக்க வேண்டிய வட்டி | கூடுதல் |
|---|---|---|---|
| ஜூலை 5 | 17,753 | 15,904 | 1,849 |
| ஆகஸ்ட் 5 | 18,290 | 15,983 | 2,307 |
| செப்டம்பர் 5 | 18,239 | 15,914 | 2,325 |
| அக்டோபர் 5 | 15,899 | 15,333 | 566 |

கூடுதலாக எடுத்தது 7,047 ரூபாய். பைசாவை விட்டுவிட்டால், அக்டோபர் 5 அன்று நிறுவனம் காட்டும் அசல் 20,70,180, இருந்திருக்க வேண்டியது 20,63,133. வித்தியாசம் அதே 7,047. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் அட்டவணை சரி.

சிலர் 3 லட்சத்துக்கு 94 நாள் வட்டியை மட்டும் போட்டு 6,953 ரூபாய் என்று எழுதிவிடுவார்கள். அதில் 94 ரூபாய் விடுபடுகிறது. வட்டி கூடுதலாகப் போனதால் இஎம்ஐயில் அசலுக்குச் சேர வேண்டிய பங்கு குறைந்தது, அந்தக் குறைந்த அசலுக்கும் வட்டி ஏறியது. தொகை சிறியதுதான், ஆனால் தவறு இதே வழியில்தான் வளர்கிறது. இந்த 7,047 ரூபாயைத் திருத்தாமல் விட்டால் அது அசலிலேயே தங்கி, இதே இஎம்ஐயும் வட்டியும் தொடர்ந்தால் இன்னும் பத்தே முக்கால் ஆண்டு கழித்துக் கடன் முடியும்போது 18,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். அதனால்தான் "பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று கேட்பதைவிட, "ஜூன் 10 தேதியிட்டு வரவு வைத்து அசலைத் திருத்துங்கள்" என்று கேட்பது நல்லது என்பேன். தேதியைத் திருத்தினால் பின்னால் வரும் வட்டியெல்லாம் தானாகச் சரியாகும்.

கணக்கை அனுப்பும் முன் ஒரு சோதனை அவசியம். முன்பணம் கட்டுவதற்கு முந்தைய இரண்டு மாத வட்டியை உங்கள் முறையில் போட்டுப் பாருங்கள். ஸ்டேட்மெண்டோடு ரூபாய் கணக்கில் ஒத்துப்போனால் நிறுவனத்தின் முறையைப் பிடித்துவிட்டீர்கள். 30 நாள் மாதத்துக்கும் 31 நாள் மாதத்துக்கும் வட்டி வேறுபட்டால் அது தினசரிக் கணக்கு. நாள் எண்ணிக்கை எப்படி இருந்தாலும் ஆண்டு வட்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கே வந்தால் மாதக் கணக்கு. மாதக் கணக்கில் ஜூன் 10 அன்று கட்டிய பணம் ஜூலை 5 முதல்தான் பலன் தரும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். அப்போது நம் உதாரணத்தில் கேட்கக்கூடிய தொகை சுமார் 6,800 ரூபாய். மாதக் கணக்குக் கடனுக்குத் தினசரி அட்டவணையை இணைத்தால், அந்த ஒரு காரணத்தைக் காட்டியே முழுப் புகாரையும் தள்ளிவிட இடம் கொடுத்தவர்கள் ஆவோம். காசோலையில் கட்டியிருந்தால் கொடுத்த நாளை அல்ல, அது பணமான நாளைத்தான் எடுக்க வேண்டும்.

சரி, கடிதம். கிளை மேலாளருக்கு எழுதி, அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் நகல் அனுப்புங்கள். கோபமும் பழைய கதையும் வேண்டாம், ஒரே பக்கம் போதும்:

> பொருள்: ஜூன் 10 அன்று செலுத்திய பகுதி முன்பணம் ரூ.3,00,000 தாமதமாக வரவு வைக்கப்பட்டதால் எடுக்கப்பட்ட கூடுதல் வட்டி – லோன் கணக்கு எண் ……
>
> ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட கணக்கில் அசலைக் குறைப்பதற்காக ஜூன் 10 அன்று ரூ.3,00,000 நெஃப்ட் மூலம் செலுத்தினேன். இந்தப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண் ……. இத்தொகை செப்டம்பர் 12 அன்றுதான் அசலில் கழிக்கப்பட்டுள்ளது. இடைப்பட்ட 94 நாட்களும் இத்தொகை தங்கள் வசம் இருந்தும் அதன் மீது வட்டி கணக்கிடப்பட்டுள்ளது.
>
> கடன் ஒப்பந்தத்தின் ……ஆம் பிரிவில் உள்ள முறைப்படி நான் செய்த மறுகணக்கீட்டை இணைத்துள்ளேன். அதன்படி அக்டோபர் 5 வரை கூடுதலாக எடுக்கப்பட்ட வட்டி ரூ.7,047. அன்று இருந்திருக்க வேண்டிய அசல் ரூ.20,63,133.
>
> எனவே முன்பணத்தை ஜூன் 10 தேதியிட்டு வரவு வைத்து, அசலைத் திருத்தி, திருத்திய ஸ்டேட்மெண்டும் தவணை அட்டவணையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கீட்டை ஏற்க இயலாவிட்டால், எந்த வரியில் என்ன காரணத்தால் வேறுபடுகிறீர்கள் என்று தங்கள் கணக்கீட்டுடன் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "எங்கள் சிஸ்டப்படி சரியாக உள்ளது" என்ற ஒற்றை வரிப் பதில் வந்தால், கேட்ட கணக்கை அவர்கள் தரவில்லை என்பது அதிலேயே பதிவாகிவிடும். கடிதத்தோடு மறுகணக்கீடு, பணம் போனதைக் காட்டும் சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மெண்ட், லோன் ஸ்டேட்மெண்ட், ஒப்பந்தப் பக்கம் நான்கும் இருக்க வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்த இழுபறியில் இஎம்ஐயை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அது தனியாகத் தவணை தவறியதாகப் பதிவாகி உங்கள் கடன் மதிப்பெண்ணைக் கெடுக்கும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தின் கீழ் இதற்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்திடம் முதலில் எழுதாமல் நேராகப் போனால் புகாரை ஏற்க மாட்டார்கள். இதே விஷயம் நீதிமன்றத்தில் இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். வழக்கறிஞர் மூலமும் தாக்கல் செய்ய முடியாது. மனு போட காலக்கெடு உண்டு, ஆகவே 30 நாள் முடிந்ததும் தள்ளிப்போடாமல் போடுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கிக்குக் கடிதத்தோடு போக வேண்டும் என்று நினைப்பதுண்டு. புகார்களைப் பெறுவது இப்போது மையமாக நடக்கிறது. cms.rbi.org.in தளத்தில் பதியலாம், அல்லது சண்டிகர் செக்டர் 17இல் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடன் கொடுத்தது வங்கியாக இல்லாமல் வீட்டுக் கடன் நிறுவனமாக இருந்தால் வழி வேறு: புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும், அதற்கான தளம் grids.nhbonline.org.in. கடன் கொடுத்தது வங்கியா, வீட்டுக் கடன் நிறுவனமா என்று முதலிலேயே ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு திருத்தப்பட்டதும், அந்த நிதியாண்டுக்கான வட்டிச் சான்றிதழையும் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். பழைய சான்றிதழில் கூடுதல் வட்டியும் சேர்ந்திருக்கும், வருமான வரியில் வீட்டுக் கடன் வட்டியைக் கழிப்பவர்கள் அந்தத் தொகையைக் காட்டக் கூடாது.