நடுத்தர ரயர் போதுமா? ஏ9 வீதி மழையில் ஒரு கணக்கு

ஐப்பசி மழை தொடங்கியதும் கிளிநொச்சியில் எங்கள் கடைக்கு ரயர் மாற்ற வருவோர் கூடிவிடுவார்கள். அநேகமாக இரண்டில் ஒன்றைத்தான் கேட்பார்கள். "இருக்கிறதிலை விலை குறைஞ்சதைப் போடுங்கோ அண்ணை" என்பது ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை காசு அனுப்பியிருந்தால், "திறமான கொம்பனியாய்ப் பார்த்துப் போடுங்கோ" என்பது மற்றது. நடுவில் இருக்கும் ரயரைத் தாமாகக் கேட்பவர்கள் குறைவு. வன்னியில் சாதாரணமாக ஓடும் காருக்கு அந்த நடு ரயர் தாராளமாகப் போதும் என்பதுதான் என் முடிவு. மலிவு ரயர் போதாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்வேன்.

மேல், நடு, கீழ் என்ற இந்தப் பிரிவை எந்த அரசாங்கமும் வகுக்கவில்லை. விலையையும் அனுபவத்தையும் வைத்து வியாபாரத்தில் புழங்கும் பிரிவு இது. மிச்செலின், பிரிட்ஜ்ஸ்டோன், கொன்டினென்டல், பிரெல்லி, குட்இயர் மேல்வரிசை. ஹன்கூக், கும்ஹோ, டோயோ, ஃபால்கன், மக்சிஸ் போன்றவை நடு. களனியில் செய்யப்படும் சியட்டையும் இங்கு நடுவரிசை விலைக்குள் வைத்துத்தான் பார்க்கிறோம். அதற்குக் கீழே, இன்றைக்குக் கடையில் இருந்து அடுத்த வருடம் காணாமற் போகக்கூடிய பெயர்கள் பல உண்டு. சீன ரயர் எல்லாவற்றையும் இந்தக் கடைசி வரிசையில் தள்ளுவது பிழை. அங்குள்ள பெரிய தொழிற்சாலைகள் சிலவற்றின் ரயர்கள் நடுவரிசைக்கு வந்து கனகாலம்.

விலை கூடக்கூட அந்தக் காசு எங்கே போகிறது? பெரும் பங்கு வீதியைத் தொடும் ரப்பர் கலவைக்குள் போகிறது. முன்பு ரப்பரைப் பலப்படுத்தப் பெரும்பாலும் கரித்தூளைத்தான் கலந்தார்கள். 1992இல் மிச்செலின் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்கா கலந்த ரயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஈரத்தில் பிடிப்பு கூடியது, உருளும்போது வீணாகும் பெற்றோலும் குறைந்தது. ஆனால் சிலிக்கா ரப்பரோடு எளிதில் ஒட்டாது. ஒட்டவைக்க வேறொரு இரசாயனம் வேண்டும், கலக்கும் வேலையும் கூடும். நடுவரிசைக் கொம்பனிகள் இந்த வித்தையைப் படித்து முடித்துவிட்டன. மலிவு ரயரில் மிச்சம் பிடிக்கும் முதல் இடம் இதுதான். காய்ந்த வீதியில் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, மழையில் தெரியும்.

எவ்வளவு தெரியும் என்பதைக் கணக்காகப் பார்ப்போம். பட்டணத்துக்கு வெளியே காருக்கு உள்ள வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், பின்னேர மழை ஓய்ந்த நேரம் அந்த வேகத்தில் வருகிறீர்கள். தாரின் சூடு தேடி வந்த மாடுகள் வீதியில் படுத்திருக்கின்றன. கண்டு, கால் பிறேக்குக்குப் போக ஒரு விநாடி பிடித்தால் அதற்குள் 19 மீற்றர் ஓடிவிடும். அதைக் குறைக்க எந்த ரயராலும் முடியாது. பிறேக் பிடித்த பிறகுதான் ரயரின் வேலை. ஈர வீதியில் மேல்வரிசை ரயரின் பிடிப்பு எண் 0.8, நடு ரயருடையது 0.75, மோசமான மலிவு ரயருடையது 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயருக்கு ரயர், வீதிக்கு வீதி இது மாறும். கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்த எண்கள் இவை.

அப்படியானால் மேல்வரிசை ரயர் போட்ட கார் 24 மீற்றரில் நிற்கும். நடு ரயர் போட்டது ஏறத்தாழ 26 மீற்றரில் நிற்கும். மலிவு ரயர் போட்டதற்கு 32 மீற்றர் வேண்டும். முதலாவது கார் நின்றுவிட்ட அதே இடத்தில் மலிவு ரயர்க் கார் இன்னும் மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். மாட்டையும் ரேடியேற்றரையும் உடைக்க அந்த வேகம் காணும். குறுக்கே நிற்பது சைக்கிளில் வந்த பிள்ளையாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நடு ரயர்க்காரர் 70க்குப் பதிலாக 68இல் வந்திருந்தால், மேல்வரிசை ரயர் நின்ற அதே 24 மீற்றரில் நின்றிருப்பார். மலிவு ரயர்க்காரர் அதே இடத்தில் நிற்க 60இல் வந்திருக்க வேண்டும். இரண்டு கிலோமீற்றர் வேகத்தை யாரும் குறைக்கலாம். ஆனால் மழை நாளெல்லாம் மற்றவர்களை விடப் பத்துக் கிலோமீற்றர் மெதுவாக ஓடும் சாரதியை நான் இதுவரை காணவில்லை. நடுவை எடுங்கள், கீழே போகாதீர்கள் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

போன மாரிக்கு முன் ஒரு ரீச்சர் தன் அக்சியோவை எலைன்மென்ற் பார்க்கக் கொண்டுவந்தார். ஸ்ரேரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்பதுதான் முறைப்பாடு. ரயர் நான்கும் பெயர்போன மேல்வரிசைக் கொம்பனி. வெட்டின் ஆழத்தை அளந்தேன், 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட இருந்தது. புது ரயரில் அநேகமாக 8 இருக்கும். 1.6க்கு வந்தால் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் வெட்டோடு சமனாகிவிடும், அதற்கு மேல் அந்த ரயரை ஓடக்கூடாது. ஆக, வெட்டைப் பார்த்தால் இவர் இன்னும் ஓடலாம். ஆனால் பக்கச் சுவரில் டொட் என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் 1516. 2016ஆம் ஆண்டின் 15ஆவது வாரம் செய்த ரயர் அது. பக்கச் சுவரை விரலால் அழுத்தியதும் மயிர்க்கோடு போல வெடிப்புகள் விரிந்தன. வெட்டில் நகத்தை ஊன்றினால் ரப்பர் உள்ளே போகவில்லை.

"நல்ல கொம்பனி ரயர் தம்பி, இன்னும் வெட்டும் கிடக்குத்தானே?" என்றார்.

"வெட்டு கிடக்கு ரீச்சர், ரப்பர்தான் செத்துப்போச்சு. மழைக்கு இது பிடிக்காது."

அவருடைய ஓட்டம் பள்ளிக்கூடம், கடைத்தெரு, மாதத்தில் ஓரிரு தடவை யாழ்ப்பாணம், வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 8,000 கிலோமீற்றர் அளவில் வரும். இங்கேதான் மேல்வரிசை ரயரின் பெரிய நியாயம் அடிபட்டுப் போகிறது. விலை கூட என்றாலும் கனகாலம் உழைக்கும் என்பார்கள், உண்மைதான். 60,000 கிலோமீற்றர் உழைக்கும் ரயர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ரீச்சரின் ஓட்டத்துக்கு அது தேய ஏழரை வருடம் வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் சோதிக்கச் சொல்லியும், எப்படி இருந்தாலும் பத்து வருடத்தில் கழற்றச் சொல்லியும் ரயர்க் கொம்பனிகளே அறிவுறுத்துகின்றன. நிழலில்லாத வெளியில் நாள்முழுக்க வெயிலில் நிற்கும் எங்கள் வாகனங்களுக்கு நான் ஆறு வருடத்தைத்தான் எல்லையாகச் சொல்வேன். 45,000 கிலோமீற்றர் உழைக்கும் நடு ரயர், ரப்பர் சாகும் அதே காலத்தில்தான் வெட்டும் முடிந்து நிற்கும். மேல்வரிசைக்குக் கொடுத்த கூடுதல் காசின் ஒரு பகுதி தேயாமலே குப்பைக்குப் போகும். அவர் காரில் கண்டது அதைத்தான்.

அவருக்கு 175/65 ஆர் 15 அளவில் ஒரு நடுவரிசை ரயரைக் காட்டினேன். அளவுக்குப் பக்கத்தில் 84 என்ற எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். ஒரு ரயர் 500 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள், கதவடி ஸ்ரிக்கரில் உள்ளதை விட அது குறையக்கூடாது. அடுத்த எழுத்து எஸ், மணிக்கு 180 கிலோமீற்றர் வரை தாங்கும். 70 எல்லையுள்ள வீதிக்கு அதற்கு மேல் உள்ள எழுத்துகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பிறகு பக்கச் சுவரில் ட்ரக்ஷன் என்ற சொல்லுக்கு அருகில் உள்ள எழுத்து. ஈரத்தில் நேராகப் பிறேக் பிடிக்கும் திறனுக்கு ஏஏ, ஏ, பி, சி என்று தரம் போடுகிறார்கள். ஏ இருந்தால் எடுக்கலாம், பி இருந்தால் இந்தப் பக்கத்து மாரிக்கு வேண்டாம். ட்ரெட்வேர் என்று அருகில் நிற்கும் எண்ணைப் பார்த்து ஒரு கொம்பனியை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம். அந்த எண்ணை ஒவ்வொரு கொம்பனியும் தானே போட்டுக்கொள்கிறது. கடைசியாகத் தயாரித்த வாரம். கடையில் இரண்டு வருடம் கிடந்த ரயரை முழு விலைக்கு வாங்க வேண்டாம் என்பதை விற்கிற நானே சொல்கிறேன்.

கொழும்புக்கு இரவோட்டம் ஓடும் ஹையேஸ்காரர்களுக்கு இதே பேச்சு பொருந்தாது. அவர்களுக்கு வரிசையை விடப் பாரம்தான் முதற் கேள்வி. 195 ஆர் 15 சி என்ற வான் ரயரில் 106 என்று இருந்தால் 950 கிலோ தாங்கும். ஏறக்குறைய அதே உயரம் அகலத்தில், சி என்ற எழுத்தில்லாத கார் ரயர் ஒன்றில் 96 இருந்தால் அது 710 கிலோதான். ரிம்மில் அழகாக ஏறும், விலையும் குறைவு. ஆட்களும் பொதிகளும் நிறைந்து, காற்றும் கொஞ்சம் இறங்கி, இரவு முழுக்க ஓடும்போது பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். கடைசியில் வெட்டுத் தகடு பிரிந்து வெடிக்கும். முறிகண்டியில் தேங்காய் உடைக்க இறங்கும்போது நான்கு ரயரிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சுட்டால் காற்றுக் குறைவு, இல்லாவிட்டால் அந்தச் சில்லில் பிறேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வேகப்பாதையில் 100இல் தினமும் பாரத்தோடு ஓடுபவர் மேல்வரிசைக்குக் காசு கொடுத்தால் அது வீணில்லை. அவர் வருடத்தில் ஓடும் தூரத்துக்கு ரயர் கிழடாகும் முன்பே தேய்ந்துவிடும், கொடுத்த காசு முழுதாக உழைக்கும்.

ரீச்சரிடம் அன்று நான்கு ரயருக்கும் காசு இருக்கவில்லை. மேல்வரிசையில் இரண்டு வாங்கும் காசில் நடுவில் மூன்று வரும் போல இருந்தது, நான்காவதை அடுத்த மாதச் சம்பளத்தில் தருவதாகச் சொல்லி நான்கையும் மாற்றிக்கொண்டார். எல்லோருக்கும் அப்படி அமையாது. இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னுக்குப் போடுங்கள். முன்சில்லு இழுக்கும் கார் என்பதால் முன்னுக்குத்தான் போடவேண்டும் என்று பலர் என்னோடு வாதாடுவார்கள். முன்சில்லு வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும், கால் எடுத்து வேகத்தைக் குறைத்தால் அநேகமாகத் திரும்பவும் பிடிக்கும். ஈரத் திருப்பத்தில் பின்சில்லு வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதை மீட்கச் சாதாரண சாரதிக்கு நேரம் கிடைக்காது. பின்னுக்கு இருந்த பழைய இரண்டும் வெடிப்பில்லாமல், வெட்டும் மிச்சம் இருந்தால் மட்டும் முன்னுக்குக் கொண்டுவரலாம். வெடிப்பிருந்தால் மற்ற இரண்டுக்கும் காசு சேரும்வரை மழையில் தூர ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.