ஊடக வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன் பி.எஃப். தளத்தை ஒருமுறை பாருங்கள்

சென்னையில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். என்னிடம் வரும் பத்திரிகையாளர்களில் பெரும்பாலானோர் வேலை போன பிறகுதான் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் ஒப்பந்தத்தைப் படித்தால், சேர்ந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அதில் வரிசையாகத் தெரியும். சேருவதற்கு முன்பே வந்த ஒரு தம்பியைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

அவர் உதவி ஆசிரியர், ஆறு வருட அனுபவம். கையில் இரண்டு அழைப்புகள். ஒன்று, ஒரு செய்தி சேனலின் டிஜிட்டல் பிரிவு. மாதம் 40,000 ரூபாய், பதினோரு மாத ஒப்பந்தம், பதவி 'ஆலோசகர்'. இன்னொன்று, சிறிய செய்தித் தளம். நிறுவனம் ஒருவருக்காகச் செய்யும் மொத்தச் செலவான சி.டி.சி. 38,000, நிரந்தர வேலை. "மேடம், இரண்டாவதில் கைக்கு 34,400தான் வருது. மாசம் ஐயாயிரத்துக்கு மேல குறையுது. முதல்லதுக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்றார்.

முதலில் 'ஆலோசகர்' என்ற சொல்லைப் பார்க்கலாம். அந்தச் சொல் இருந்தால் உங்களுக்கு வருவது சம்பளம் அல்ல, கட்டணம். நிறுவனம் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு 36,000 ரூபாய் போடும். பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பித்து ஆண்டு முழுவதும் வேலை இருந்தாலும் வருமானம் 4,80,000தான் என்பதால் புதிய வரி முறையில் வரி வராது. கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த 48,000 ரூபாயும் திரும்பி வரும். ஆனால் பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது. நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அறிவிப்புக் காலம் மட்டும்தான். இவருக்கு அது பதினைந்து நாள்.

இரண்டாவது வேலையில் நிறுவனமும் இவரும் மாதம் தலா 1,800 ரூபாய் பி.எஃப்.பில் கட்டுகிறார்கள். ஆண்டுக்கு மொத்தம் 43,200. அதில் 15,000 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மீதி இவருடைய சேமிப்பு. அடிப்படைச் சம்பளம் 19,000 என்பதால் பணிக்கொடை ஆண்டுக்குச் சுமார் 11,000 ரூபாய் சேரும். இதைச் சி.டி.சி.யில் சேர்க்கவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். பத்திரிகையாளருக்கு மூன்று வருடம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு. மற்ற தொழில்களில் பொதுவாக ஐந்து வருடம் ஆக வேண்டும். கைக்கு வருவது 4,12,800, பி.எஃப். 43,200, பணிக்கொடை 11,000. கூட்டினால் 4,67,000. இரண்டுக்கும் ஆண்டு வித்தியாசம் 13,000 ரூபாய்தான். முதல் நிறுவனம் ஒரே ஒரு மாதம் பணம் போடாமல் விட்டால் 40,000 போய்விடும்.

சரி, போடாமல் விடுவார்களா? இதற்குத்தான் பி.எஃப். தளம்.

பி.எஃப். பணத்தை நிர்வகிக்கும் EPFO அமைப்பின் இணையதளத்தில் Establishment Search என்று ஒரு பக்கம் இருக்கிறது. லாகின் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிறுவனத்தின் பதிவுப் பெயரைப் போட்டுத் தேடி, View Details, அப்புறம் View Payment Details என்று போனால், எந்த மாதச் சம்பளத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார்கள், எத்தனை ஊழியருக்குக் கட்டினார்கள் என்பது மாதவாரியாக வரும். சேனலின் பெயரைப் போட்டால் கிடைக்காமல் போகலாம். ஆஃபர் லெட்டரின் தலைப்பில் உள்ள கம்பெனிப் பெயரைப் போடுங்கள்.

அந்தத் தம்பியும் நானும் சேனலின் பட்டியலைத் திறந்தோம். முதலில் தேதியைப் பார்த்தோம். ஒரு மாதத்துக்கான பி.எஃப். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். இவர்கள் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்று மாதத்துக்கும் சேர்த்து டிசம்பர் 23ஆம் தேதி ஒரே நாளில் கட்டியிருந்தார்கள். கையில் காசு இல்லாத நிறுவனம்தான் பெரும்பாலும் இப்படிக் கட்டும். சட்டப்படி கட்டியே ஆக வேண்டிய பணமே மூன்று மாதம் நிற்கிறது என்றால், ஆலோசகரின் பில் எந்த இடத்தில் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஊழியர் எண்ணிக்கை. 2024 மார்ச்சில் 61, மே மாதம் 68, செப்டம்பரில் 39. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தல் முடிவு ஜூன் 4ஆம் தேதி வந்தது. தேர்தலுக்கு முன் ஆள் எடுப்பதும் முடிவு வந்ததும் குறைப்பதும் இந்தத் தொழிலில் பழகிப்போன விஷயம். நான்கே மாதத்தில் 29 பேர் போயிருக்கிறார்கள், ஆனால் ஆட்குறைப்பு நடந்ததாக ஒரு செய்திகூட வந்ததில்லை. ஏன் என்றால், ஒவ்வொருவராக ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு ராஜினாமா கடிதம் வாங்குகிறார்கள். காகிதத்தில் எல்லோரும் தாமாகவே போனவர்கள். ஒரு வருடம் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்தால், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். ராஜினாமா எழுதிக் கொடுத்தவர் அதைக் கேட்க முடியாது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது. கூப்பிட்ட அன்றே எழுதித் தராதீர்கள். ஒருநாள் அவகாசம் கேளுங்கள்.

இந்தப் பட்டியலிலும் எல்லாம் தெரிந்துவிடாது. ஆலோசகர்கள் இதில் வரமாட்டார்கள். மேன்பவர் ஏஜென்சி வழியாக எடுத்தவர்கள் அந்த ஏஜென்சியின் கணக்கில் இருப்பார்கள். அதனால் நேர்காணலுக்குப் போகும்போது எத்தனை மேஜை, எத்தனை ஷிஃப்ட் என்று கண்ணால் ஒரு கணக்குப் போடுங்கள். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில் பி.எஃப். 39 பேருக்கு என்றால், மீதிப் பேர் எந்த வகை ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: டிஜிட்டலில் இருப்பவருக்குப் பத்திரிகையாளர் சட்டம் உண்டா? 1955ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் வந்த மஜீதியா ஊதியக் குழுவும் பத்திரிகைகளையும் செய்தி நிறுவனங்களையும் மட்டும் சேர்த்தவை. டிவியும் இணையமும் வெளியே இருந்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் மின்னணு, டிஜிட்டல் ஊடகத்தில் இருப்பவர்களும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் ஆலோசகர் என்று இருந்தால், நான் ஊழியர்தான் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஷிஃப்ட் அட்டவணை, விடுப்பு கேட்ட மெயில், தலைமை உதவி ஆசிரியர் வேலை ஒதுக்கிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் அப்போது சாட்சி. சொந்த மெயிலுக்கு ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய தளத்தின் பட்டியலையும் பார்த்தோம். இரண்டு வருடமாக 14லிருந்து 17 பேர். தேதிகள் எல்லாம் 11க்கும் 15க்கும் நடுவில். அந்த ஆசிரியரிடம் கேட்க இரண்டு கேள்விகள் மட்டும் எழுதிக் கொடுத்தேன். கட்டுரையில் என் பெயர் வருமா? வாரத்தில் எத்தனை நாள் களத்துக்குப் போகலாம்? சேனலில் இவருக்கு ஒரு ஷிஃப்டுக்குப் பன்னிரண்டு செய்தி மாற்றி எழுதும் வேலை, பெயர் 'இணையக் குழு' என்றுதான் வரும். இரண்டு வருடம் கழித்து அடுத்த இடத்தில் காட்ட ஒரு கட்டுரைகூட இருக்காது. சிறிய தளத்தில் பெயரோடு வாரம் இரண்டு களச் செய்தி என்று மெயிலிலேயே பதில் வந்தது. வெளியான ஒவ்வொன்றையும் அன்றே பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொள்ளச் சொன்னேன். தளம் மூடப்பட்டால் லிங்க் எல்லாம் செத்துவிடும்.

அங்கேதான் சேர்ந்தார். மாதம் 20ஆம் தேதி பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதம் பதிவு வரவில்லை என்றால் முதலில் ஹெச்.ஆருக்கு மெயில், அதற்குப் பதில் இல்லை என்றால் EPFiGMS தளத்தில் புகார். முதல் மாதப் பதிவு வந்ததும் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தார்: அவர் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கு 550, ஓய்வூதியத்துக்கு 1,250.