பென்சிலில் எழுதிய தேதி: தடுப்பூசி அட்டையின் படத்திலிருந்து பட்டியல் உருவாகும் விதம்

தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து, போட்ட தவணைகளையும் போட வேண்டிய தவணைகளையும் தேதிவாரியாகப் பிரிக்கும் மென்பொருளுக்கு, எழுத்துகளை அடையாளம் காண்பது பாதி வேலைதான். ஒரு கட்டத்தில் இருக்கும் தேதி ஊசி போட்ட நாளைக் குறிக்கிறதா, அடுத்து வரச் சொன்ன நாளைக் குறிக்கிறதா என்று தீர்மானிப்பதே அதைவிடக் கடினமானது. இரண்டும் ஒரே அட்டையில், பல சமயம் ஒரே கட்டத்திலேயே எழுதப்படுகின்றன.

கற்பனையான ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்தது 12-1-2024. ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியின் வரிசையில் 28/2/24, 3/4/24 என இரண்டு தேதிகளும், 1/5/24 என்றோ 7/5/24 என்றோ படிக்கக்கூடிய மூன்றாவது தேதியும் உள்ளன. தட்டம்மை வரிசையில் பென்சிலால் 12/10/24 என்று எழுதியிருக்கிறது. பட்டியலைத் தயாரிக்கும் நாள் 20-11-2024.

முதலில் படத்தின் சாய்வு நேராக்கப்பட்டு, அட்டையின் கோடுகளைக் கொண்டு கட்டங்கள் பிரிக்கப்படுகின்றன. மடிப்பு விழுந்த இடத்தில் கோடு வளைந்திருந்தால், ஒரு தேதி பக்கத்து வரிசைக்கு நழுவிவிடும்; அப்போது போலியோவின் தேதி தட்டம்மையின் தேதியாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பதிவோடும் அது எடுக்கப்பட்ட கட்டத்தின் படத்துண்டையும் வைத்திருப்பது நல்லது.

அடுத்தது தேதியின் வரிசைமுறை. 3/4/24 என்பது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். ஆனால் 28/2/24 என்பதை நாள் முன்னால் வரும் முறையில் மட்டுமே படிக்க முடியும், ஏனெனில் 28ஆம் மாதம் என்று ஒன்று கிடையாது. ஒரே கையெழுத்தில் உள்ள மற்ற தேதிகளுக்கும் அதே முறை பொருந்தும் என்று கொண்டால், இரண்டாம் தவணை முதல் தவணைக்கு 35 நாள் கழித்துப் போடப்பட்டிருக்கிறது. இத்தடுப்பூசியின் தவணைகளுக்கு இடையே குறைந்தது 4 வாரம் வேண்டும் என்பதோடு இது ஒத்துப்போகிறது. மார்ச் 4 என்று படித்திருந்தால் இடைவெளி 5 நாளாகச் சுருங்கியிருக்கும்.

இந்த இடைவெளி விதியைக் கொண்டே தேதியைப் படிக்கும் ஆசை இங்கேதான் எழுகிறது. மூன்றாம் தேதியை மே 1 என்று கொண்டால் இடைவெளி மிகச் சரியாக 28 நாள். முந்தைய இரண்டு தேதிகளைப் போல அதுவும் புதன்கிழமை. ஆயினும் அது ஊகம்தான். அதே நாளில் கொடுத்த போலியோ சொட்டு மருந்தின் வரிசையில், நடுவே குறுக்குக் கோடு போட்ட 7 தெளிவாகத் தெரிகிறது என்றால், மே 7 என்றே கொள்ள வேண்டும். மேலும், விதிக்கு ஏற்றபடி தேதியைப் படித்துவிட்டு அதே விதியால் அதைச் சரிபார்த்தால், உண்மையிலேயே முன்கூட்டிப் போடப்பட்ட தவணை ஒருபோதும் கண்ணில் படாது. விதி ஐயத்தை எழுப்பலாம். எண்ணை மாற்றக் கூடாது.

இப்போது பென்சில் தேதிக்கு வருவோம். 12/10/24 என்பது பிறந்த நாளிலிருந்து சரியாக 9 மாதம். மற்றக் கட்டங்களில் தேதியோடு மருந்தின் தொகுதி எண்ணும் செவிலியரின் சுருக்கொப்பமும் உள்ளன; இதில் இரண்டும் இல்லை. ஆக, இது வரச் சொன்ன நாள் என்றே கருத வேண்டும். இதைப் போட்டதாகப் பதிவு செய்தால் பட்டியல் நிறைவாகத் தோன்றும், குழந்தையோ தட்டம்மைக்குப் பாதுகாப்பின்றி இருக்கும். போட்டதைப் போடவில்லை என்று கொண்டால் பெரும்பாலும் ஒரு தவணை கூடுதலாகும், அவ்வளவுதான். இரண்டு பிழைகளும் சம எடை கொண்டவை அல்ல என்பதால், சான்றில்லாத தேதியைப் ‘போட்டவை’ பகுதியில் சேர்க்காமல் ‘உறுதி செய்ய வேண்டும்’ என்ற குறிப்போடு தனியே வைப்பதே சரி.

நிலுவைத் தேதியைக் கணக்கிட இரண்டு நாள்களை ஒப்பிட வேண்டும்: அட்டவணைப்படி அந்த வயது நிறையும் நாள் ஒன்று, முந்தைய தவணை உண்மையில் போடப்பட்ட நாளோடு குறைந்தபட்ச இடைவெளியைக் கூட்டினால் வரும் நாள் மற்றொன்று. இவற்றில் பிந்தியதே விடை. தட்டம்மையின் முதல் தவணை 39 நாள் தாமதமாகியிருக்கிறது. அது நவம்பர் 21 அன்று போடப்பட்டால், 28 நாள் இடைவெளிப்படி இரண்டாவதை டிசம்பர் 19 முதல் போடலாம்; ஆனால் அட்டவணை 15 மாதம் என்று சொன்னால், 12-4-2025 தான் பட்டியலில் வரும். முதல் தவணை போடப்படும் வரை இரண்டாவதன் தேதி தற்காலிகமானதே. எந்த நாட்டின் அட்டவணை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் வயதுகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. தாமதமான தொடரை முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை என்பதால், முன்பு முறையாகப் போட்ட தவணைகள் பட்டியலில் அப்படியே நிற்கும்.

இந்த அட்டையின் பட்டியலில் கூட்டுத் தடுப்பூசியின் மூன்று தவணைகளும் தேதியோடு ‘போட்டவை’ பகுதியில் இருக்கும். தட்டம்மையின் முதல் தவணை, பென்சில் எழுத்தின் படத்துண்டோடு, ‘12-10-2024 முதல் நிலுவை, போட்டதற்குச் சான்று இல்லை’ என்று ‘போட வேண்டியவை’ பகுதியின் முதல் வரியாக நிற்கும்.