லொறியா ரயிலா: சீனி மூடை கைமாறும் இடத்தில் போடவேண்டிய கணக்கு

கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரி என்னிடம் முதலில் கேட்பது, "தம்பி, ரயில்ல போட்டா தொன்னுக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். சரக்கனுப்பும் தொழிலில் இருக்கும் நான் அதற்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்பது: "முதலாளி, மூடையை எத்தனை தரம் தூக்கப்போறம்?"

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். சுன்னாகத்தில் உள்ள ஒரு கடைக்கு 50 கிலோ சீனி மூடை 400 அனுப்பவேண்டும் என்று வையுங்கள். மொத்தம் 20 தொன். கீழே வரும் ரூபாய்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை, உங்கள் ரேட்டைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். லொறிக்கு 1,50,000 ரூபாய். கொழும்புக் களஞ்சியத்தில் ஏற்றினால் சுன்னாகத்தில்தான் இறக்குவோம். மூடை தூக்கும் நாட்டாமையின் கை அதில் இரண்டு தரம் படுகிறது.

ரயிலில் அதே 20 தொன்னுக்குக் கட்டணம் 70,000 என்று கொள்வோம். பாதிக்கும் குறைவு என்றதும் முதலாளி முகம் மலரும். ஆனால் களஞ்சியத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு லொறி, அந்தப் பக்கம் ஸ்டேஷனிலிருந்து கடைக்கு ஒரு லொறி, ஒவ்வொன்றுக்கும் 20,000. லொறியிலிருந்து வேகனுக்கும் வேகனிலிருந்து லொறிக்கும் மூடை கூடுதலாக இரண்டு தரம் கைமாறுகிறது. ஒரு தூக்குக்கு மூடைக்கு 40 ரூபாய் கூலி என்றால் அது 32,000. எல்லாம் கூட்டினால் 1,42,000. மிச்சம் 8,000 ரூபாய். கிலோ 230 ரூபாய் விலையில் ஒரு சீனி மூடை 11,500. வழியில் ஒரே ஒரு மூடை குறைந்தால் ரயிலில் போட்ட இலாபம் போய்விட்டது.

இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டியது, இரண்டு லொறிக்கான 40,000மும் தூக்குக் கூலி 32,000மும் சேர்ந்த அந்த 72,000. இரண்டு முனைகளிலும் கைமாற்ற ஆகும் செலவு அது. குருநாகலுக்கு அனுப்பினாலும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாலும் அது பெரிதாக மாறாது. குருநாகல் நூறு கிலோமீட்டருக்குள் இருப்பதால், அந்தச் செலவைத் தாங்க ஓட்டத்தில் மிச்சம் பிடிக்க இடமே இல்லை. கிட்டிய ஊருக்கு ரயிலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு முனையில் தண்டவாளம் களஞ்சிய வாசல் வரை வந்தால் கதை வேறு. ஒரு லொறியும் ஒரு தூக்கும் கழிந்து 36,000 மிச்சமாகும். 8,000 ஆக இருந்த வித்தியாசம் 44,000 ஆகும். திருகோணமலை சீனக்குடா மாவு ஆலையின் கோதுமை மா ரயிலில் கொழும்புக்கு வருவதும், கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்திலிருந்து தாங்கி வேகன்கள் வெளியூர் போவதும் இந்தக் கணக்கில்தான். எண்ணெயில் இன்னொரு வசதி, குழாயைப் பூட்டித் திறந்தால் வேலை முடிந்தது. தூக்க மூடை இல்லை, கிழியச் சாக்கு இல்லை. மூடைச் சரக்குக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கொள்கலனாக இருந்தாலாவது முத்திரை இலக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். மூடையை ஒவ்வொன்றாக எண்ணித்தான் ஆகவேண்டும்.

எண்ணுவதற்கு முன் வெறும் வேகனைப் பாருங்கள். உள்ளே ஏறி நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். கூரையிலோ பக்கத் தகட்டிலோ ஊசிமுனை அளவு வெளிச்சம் வந்தாலும் அவ்வழியே மழையும் வரும். பலகை இடுக்கில் முந்தின சரக்கின் உரமோ சீமெந்துத் தூளோ கிடந்தால் கூட்டி, அடியில் தறப்பாள் விரிக்காமல் சீனியை ஏற்றக் கூடாது. கால் மணி நேர வேலைதான். இதைச் செய்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

எண்ணும்போது லொறியிலிருந்து வேகனுக்கு மூடை நேரே போவது நல்லது. வேகன் வந்து நிற்காத நாளில் "இப்ப நிலத்தில போடுவம், பிறகு ஏத்துவம்" என்பார்கள். அந்த இடத்தில் ஐந்தாவது தூக்கு சேர்கிறது, கூலியும் சேர்கிறது. இரவு முழுக்க யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் சரக்கு கிடக்கும். லொறிக்காரர் இறக்கிவிட்டேன் என்பார், ரயில்வே இன்னும் பொறுப்பெடுக்கவில்லை என்பார்கள். இரண்டு ரசீதுக்கும் நடுவே இருக்கும் அந்த இரவுக்கு ஒரு கையெழுத்து வாங்காமல் விடாதீர்கள். உங்கள் காப்புறுதி அதை மூடுகிறதா, அல்லது வாகனம் ஓடும் நேரத்தை மட்டும் மூடுகிறதா என்பதையும் பத்திரத்தில் முன்கூட்டியே பாருங்கள்.

என் கையில் வந்த ஒரு முறைப்பாடு. சுன்னாகத்தில் இறக்கியபோது 400 மூடையும் சரியாக இருந்தன. கடையில் நிறுத்துப் பார்த்தால் சில மூடைகள் 48, 49 கிலோ. வியாபாரிக்கு ரயில்வே மேல் கோபம், ரயில்வேக்கு அனுப்பியவர் மேல் சந்தேகம். மூடைகளைத் திருப்பிப் பார்த்தோம். வாய்த் தையல் ஆலை போட்ட அதே நூல், அதே சங்கிலித் தையல், எங்கும் அவிழ்க்கப்படவில்லை. பக்கவாட்டில் மட்டும் இரண்டு விரல் இடைவெளியில் துளைகள், அவற்றைச் சுற்றிச் சீனி ஒட்டியிருந்தது. யாரோ கொக்கி போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். நெய்த பிளாஸ்டிக் சாக்கில் கொக்கித் துளை மூடாது. வண்டி ஆட ஆட, வழி நெடுகச் சீனி கசிந்திருக்கிறது. நூலின் நிறம் மாறியிருந்தாலோ கையால் தைத்திருந்தாலோ களவு என்று முடிவெடுத்திருப்பேன். எடைப்பாலம் இதைக் காட்டிக் கொடுக்காது; லொறியை நிறுக்கும் பாலம் பெரும்பாலும் பத்து, இருபது கிலோப் படியில்தான் காட்டும். அதனால் இறக்கும் இடத்தில் ஒரு சின்னத் தராசு வைத்து, இங்கொன்று அங்கொன்றாகப் பத்து மூடையையாவது போடுங்கள். ஈரம் பட்ட மூடையைத் தனியே வையுங்கள். சீனி தண்ணியைக் குடித்தால் குறைந்த எடையும் சரியானதுபோலத் தெரியும்.

அந்த முறைப்பாட்டில் இழப்பீடு வரவில்லை. இறக்கும்போது கடைப் பையன் ரசீதில் எதுவும் எழுதாமல் ஒப்பம் வைத்திருந்தான். குறிப்பில்லாத ஒப்பம் என்றால் சரக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்றே எந்தப் போக்குவரத்துக்காரரும் வாதாடுவார். "400 மூடை, 12இல் பக்கத்துளை, சீனி கசிவு, நிறுத்துப் பார்க்க உரிமை ஒதுக்கி ஏற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி, பக்கத்தில் நேரம், ஒப்படைப்பவரின் ஒப்பம். கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நேரத்தையும் கணக்கில் சேருங்கள். பொல்காவலைக்கு அப்பால் வடக்கே பெரும்பாலும் ஒற்றைப் பாதை. பயணிகள் வண்டிக்கு வழி விட்டுச் சரக்கு வண்டி நிலையங்களில் காத்து நிற்கும். அது வந்து சேரும் மணியை உறுதியாகச் சொல்ல முடியாததால், அந்தப் பக்கத்து லொறியை முன்கூட்டியே வரவழைத்து நிறுத்தினால் காத்திருப்புக் கூலி ஏறும். 8,000 மிச்சத்தில் அதற்கு இடமில்லை. வண்டி அநுராதபுரம் தாண்டியதும் லொறிக்காரருக்கு அழைப்பெடுங்கள். வெங்காயம், மரக்கறி மாதிரி அழுகும் சரக்கை இந்த நிச்சயமின்மையில் விடவே கூடாது.

எனவே என்னிடம் வரும் சீனி, பருப்பு, மா வியாபாரிகளில் பலரை லொறிக்கே அனுப்பிவிடுகிறேன். ஒரு வேகனை முழுதாக நிரப்பும் அளவு சரக்கு மாதம் தவறாமல் இருந்து, ஒரு முனையாவது தண்டவாளத்தை ஒட்டியிருந்தால் மட்டும் ரயில்வே கந்தோரில் போய் ரேட் பேசச் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டால், முதலில் தங்கள் களஞ்சியத்துக்கும் ஸ்டேஷனுக்கும் இடையிலான லொறிக் கூலியை விசாரித்து வரச் சொல்வேன். பாதிப் பேர் அதோடு திரும்பி வருவதில்லை.