டிரிப் லாஸ்: வடிநீர் இழப்பு

ஃப்ரீசரில் வைத்த மீனை எடுத்து வெளியே வைத்தால் தட்டில் தண்ணீர் தேங்கும். 'மீன் தண்ணி விட்டுருச்சு' என்போம். உணவுப் பதப்படுத்தல் பாடத்தில் இதற்குப் பெயர் டிரிப் லாஸ். டிரிப் என்றால் சொட்டுவது, லாஸ் என்றால் இழப்பு. 'சொட்டு இழப்பு' என்று நேராக எழுதலாம்தான். ஆனால் சொட்டு என்றதும் சொட்டுநீர்ப் பாசனம்தான் நினைவுக்கு வருகிறது. என் ஓட்டு 'வடிநீர் இழப்பு'க்கு. வடிகஞ்சியோடு சோற்றின் சத்தும் போவதுபோல, இந்த நீரோடு கரையும் புரதமும் தாது உப்பும் பி வைட்டமின்களும் போகின்றன. இறைச்சியில் வடியும் சிவப்பு நீர் ரத்தம் அல்ல. தசையிலுள்ள மயோகுளோபின் தரும் நிறம்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? மீனில் உள்ள நீர் ஏறக்குறைய −1 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கி, −5க்குள் பெரும்பகுதி பனியாகிவிடும். இந்த இடைவெளியை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்பதுதான் முக்கியம். மெதுவாகக் கடந்தால், செல்லுக்கு வெளியே சில இடங்களில் மட்டும் பனிப்படிகம் தோன்றும். வெளியே நீர் பனியாகிவிட, மிச்ச நீரில் உப்பு அடர்கிறது. அந்த அடர்த்தி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்க, அந்த நீரும் படிகத்தில் சேர்ந்து அதைப் பெரிதாக்குகிறது. செல் சுருங்குகிறது, சவ்வு சேதமாகிறது, அடர்ந்த உப்பில் புரதமும் நீரைப் பிடிக்கும் திறனை இழக்கிறது. உருகும்போது வெளியே போன நீர் முழுவதும் உள்ளே திரும்ப முடியாமல் தட்டுக்கு வருகிறது. வேகமாகக் குளிர்வித்தால் நீர் இடம்பெயர நேரமே இருக்காது. செல்லுக்கு உள்ளும் புறமும் எண்ணற்ற சிறு படிகங்கள் உருவாகும்.

உறைவேகத்தை மணிக்கு இத்தனை செ.மீ. என்று சொல்வார்கள். 5 செ.மீ. தடிமனுள்ள மீன் கட்டியை இருபுறமும் குளிர்வித்தால், குளிர் நடுப்பகுதி வரை 2.5 செ.மீ. போக வேண்டும். மேற்பரப்பு 0 டிகிரியைத் தொட்டதிலிருந்து, நடுப்பகுதி உறையத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே 10 டிகிரி இறங்கும்வரை நேரம் கணக்கிடுவது வழக்கம். தட்டு உறைவிப்பானில் அதற்கு 50 நிமிடம் ஆனால் வேகம் மணிக்கு 3 செ.மீ.; காற்றோட்டமில்லாத அறையில் பன்னிரண்டரை மணி நேரம் ஆனால் வெறும் 0.2.

வடிநீர் இழப்பைக் கணக்கிடுவது எளிது. 500 கிராம் உறைந்த துண்டு, உருகி நீர் வடிந்தபின் 470 கிராம் இருந்தால், 30ஐ 500ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: 6 சதவீதம். கீழே வகுப்பது முதல் எடையால். பலர் தவறுவது இங்கேதான்.

அப்புறம் ஒரு விஷயம். வேகமாக உறைய வைத்ததாலேயே படிகம் சிறிதாக இருந்துவிடாது. கிடங்கின் வெப்பநிலை ஏறி இறங்கினால் சிறு படிகம் கரைந்து பெரியதோடு சேரும். இதை மறுபடிகமாதல் என்பார்கள். பையின் உட்புறம் பனித்தூள் ஒட்டியிருந்தால் வெப்பநிலை ஏறி இறங்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.