மருந்துப் பெட்டியில் மொழிபெயர்ப்பு: படத்தின் மேலேயா, தனி உரையாகவா?

ஜப்பானில் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய சளி மாத்திரைப் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு வகையான எழுத்து கண்ணில் படும். ஒன்று, எந்த வயதினர் எத்தனை மாத்திரை சாப்பிடலாம் என்று சொல்லும் சிறிய அட்டவணை. மற்றொன்று, ‘செய்யக் கூடாதவை’, ‘ஆலோசனை கேட்க வேண்டியவை’ போன்ற தலைப்புகளின் கீழ் பொடி எழுத்தில் வரும் எச்சரிக்கைகள். இதைக் கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னால், விடை இரண்டு வடிவங்களில் கிடைக்கலாம். படத்தில் உள்ள ஜப்பானிய எழுத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் தமிழைப் பதித்துக் காட்டுவது ஒரு வடிவம். படத்தை ஒதுக்கிவிட்டு, மொழிபெயர்ப்பைத் தனி உரையாகத் தருவது இன்னொரு வடிவம். பலர் இதைத் தோற்ற வேறுபாடு என்றே நினைக்கிறார்கள். ஆனால் எந்த வடிவத்தில் எந்தப் பிழை ஒளிந்துகொள்ளும் என்பதும் இதில்தான் முடிவாகிறது.

தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். மென்பொருள் முதலில் படத்தில் எழுத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி, ஒவ்வொரு வரியையும் நான்கு மூலைகள் கொண்ட ஒரு கட்டமாகக் குறித்துக்கொள்கிறது. பிறகு கட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகளை அடையாளம் காண்கிறது. அடுத்து, எந்தெந்த வரிகள் சேர்ந்து ஒரு பத்தி, எதற்குப் பின் எதைப் படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகுதான். தனி உரை என்றால் வேலை இங்கே முடிந்துவிடும்; கட்டங்களின் இருப்பிடம் தூக்கி எறியப்படும்.

அந்த இருப்பிடம் எவ்வளவு முக்கியம் என்பதை மருந்தளவு அட்டவணையில் பார்க்கலாம். மூன்று வரிசைகள் கொண்ட ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். 15 வயதுக்கு மேல் 2 மாத்திரை. 7 முதல் 14 வயது வரை 1 மாத்திரை. 7 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது. மென்பொருள் இதை நெடுக்கில், ஒவ்வொரு நெடுவரிசையாகப் படித்தால் தனி உரை இப்படி வரும்: முதலில் மூன்று வயதுப் பிரிவுகள், அவற்றின் கீழே மூன்று அளவுகள். எதற்கு எது என்பதை நாம்தான் எண்ணிப் பொருத்த வேண்டும். இதுவரை பெரிய ஆபத்து இல்லை.

இப்போது விளக்கு வெளிச்சம் பெட்டியின் பளபளப்பில் பட்டு, நடு வரிசையின் வயது மட்டும் மென்பொருளுக்குத் தெரியாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உரையில் வருவது:

15 வயதுக்கு மேல்
7 வயதுக்குக் கீழ்
2 மாத்திரை
1 மாத்திரை
கொடுக்கக் கூடாது

வரிசையாகப் பொருத்திப் படிப்பவருக்கு, ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒரு மாத்திரை கொடுக்கலாம் என்றே தோன்றும். உரையில் எந்த ஓட்டையும் தெரியாது. விடுபட்ட வரி தனக்கென ஒரு வெற்றிடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் எதனுடனும் சேராமல் தொங்கும் ஒரு வரிதான் ஒரே தடயம். எனவே அட்டவணையின் தனி உரையைப் படிக்கும்போது, வயதுகள் எத்தனை, அளவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

படத்தின் மேல் பதித்த வடிவத்தில் இதே பிழை நேர்ந்தால், படிக்கப்படாத கட்டம் ஜப்பானிய எழுத்தாகவே அங்கே நிற்கும். ‘1 மாத்திரை’க்கு இடப்பக்கம் ஏதோ இருக்கிறது, அது மொழிபெயர்க்கப்படவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ‘கொடுக்கக் கூடாது’ என்பதும் தன் வரிசையை விட்டு நகராது. அட்டவணை என்றால் என் தேர்வு, தயக்கமின்றி, படத்தின் மேல் பதிப்பதுதான்.

ஆனால் பதிப்பது எளிய வேலை அல்ல. பழைய எழுத்தை அழித்து, அதன் பின்னணியை ஊகித்து நிரப்ப வேண்டும். முன்பெல்லாம் ஒரே நிறத்தில் ஒரு பட்டையை ஒட்டி, அதன் மேல் எழுதிவிடுவார்கள். 2022-இல் கூகுள் தன் லென்ஸ் செயலிக்காக அறிவித்த முறையில், எழுத்துக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய படத்தைக் கணினியே வரைந்து நிரப்புகிறது. இதற்கு ஆகும் நேரம் 100 மில்லி விநாடி என்றார்கள். பெட்டி சாய்வாக இருந்தால், கட்டத்தின் நான்கு மூலைகளைக் கொண்டு புதிய எழுத்தையும் அதே அளவு சாய்க்க வேண்டும். தட்டையான பரப்புக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். உருண்டையான மருந்துப் புட்டியில் ஓரங்களில் பிசகும்.

தமிழுக்கு இன்னும் பெரிய சிக்கல் இடம். ‘உணவுக்குப் பின்’ என்பதை ஜப்பானியர்கள் இரண்டே எழுத்துகளில் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் 30 பிக்சல் சதுரம் என்றால், மொத்தக் கட்டம் 60 பிக்சல் அகலம், 30 பிக்சல் உயரம். தமிழில் எட்டு எழுத்துகளும் ஓர் இடைவெளியும் வேண்டும். ஒரே வரியில் எழுதினால் ஓர் எழுத்துக்கு 7 பிக்சல்கூடத் தேறாது. இரண்டு வரியாக உடைத்தாலும் ‘உணவுக்குப்’ என்பதன் ஆறு எழுத்துகளுக்குத் தலா 10 பிக்சல்தான். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடும். ‘ணு’வும் ‘ணூ’வும் ஒன்றுபோலத் தெரியும். பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் அப்போது வரிசையில் ஒரு பகுதிதான் திரையில் இருக்கும். எந்த வசதிக்காகப் படத்தின் மேல் பதித்தோமோ அது கைநழுவுகிறது.

எச்சரிக்கைப் பகுதிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே எழுத்து ஏற்கெனவே பொடி; வாக்கியங்களோ நீளம். ஜப்பானியத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. வரி கிட்டத்தட்ட எந்த இடத்திலும் உடையலாம். தமிழைப் போலவே அந்த மொழியிலும் வினைச்சொல்லும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ‘இந்த மருந்தைச் சாப்பிட்டபின் வாகனம் ஓட்டவோ இயந்திரங்களை இயக்கவோ கூடாது’ என்ற எச்சரிக்கை, தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகளில் வழக்கமாக இருக்கும். அதன் மறுப்பு மட்டும் அடுத்த வரிக்குப் போய்விட்டது என்று வையுங்கள். இரண்டு வரிகளும் ஒரே பத்தி என்று மென்பொருள் உணர்ந்தால் சிக்கல் இல்லை. உணரத் தவறினால், முதல் கட்டத்தில் ‘மருந்தைச் சாப்பிட்டபின் வாகனம் ஓட்டுதல், இயந்திரங்களை இயக்குதல்’ என்றும், கீழே ‘செய்யாதீர்கள்’ என்றும் தனித்தனியாக நிற்கும். கீழ்க்கட்டத்தின் எழுத்து சிறியதாக இருந்தாலோ, படத்தின் விளிம்புக்கு வெளியே போனாலோ, படிப்பவர் அனுமதி என்றே எடுத்துக்கொள்வார்.

ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும் என்ற கட்டாயம், துண்டு துண்டாக மொழிபெயர்க்கும் பக்கம் மென்பொருளை இழுக்கிறது. தனி உரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முழுப் பத்தியையும் ஒட்டிப் படிக்கலாம், வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் தாங்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், உரக்கப் படிக்கச் சொல்லலாம், நகலெடுத்து மருந்தாளுநருக்கு அனுப்பலாம். படத்தின் மேல் பதித்ததைப் படமாகச் சேமித்தால் அது வெறும் பிக்சல்தான்.

இன்னொன்றும் உண்டு. பதித்த எழுத்து மூலத்தை மறைக்கிறது. 1 என்பதை மென்பொருள் 7 என்று படித்துவிட்டால், திரையில் ‘7’ அழகாக, அட்டவணையின் நிறத்திலேயே, இயல்பாக உட்கார்ந்திருக்கும். பின்னணி எவ்வளவு நேர்த்தியாக நிரப்பப்படுகிறதோ, அவ்வளவுக்குச் சந்தேகம் எழாது. ஜப்பானியப் பெட்டிகளில் அளவுகள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த எண்களிலேயே அச்சாகின்றன. எனவே பதிப்பை ஒரு கணம் அணைத்து மூலப் படத்துக்குத் திரும்பி, எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு ஜப்பானியம் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு தடயம் அட்டவணையின் கோடுகள். ஒரு தமிழ்ச் சொற்றொடர் கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் நுழைந்திருந்தால், இரண்டு கட்டங்களை மென்பொருள் ஒரே பத்தியாகச் சேர்த்துவிட்டிருக்கலாம். அந்த இடத்தை மட்டும் நெருக்கமாக, வெளிச்சம் பளிச்சிடாமல், நேர்மேலே இருந்து மறுபடி படம் எடுக்க வேண்டும்.